பெயரை எங்கே சொல்வது: ஒரே அறிமுக உரை, மூன்று இடம்

கேள்வி: ஏரிச் சீரமைப்பில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை செயற்பொறியாளர் அம்மா ஒருவர் எங்கள் அறக்கட்டளைக்காக மூன்று இடங்களில் பேசுகிறார். ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்புச் செலவைப் பார்க்கிற சிஎஸ்ஆர் கமிட்டி முன்னால் போர்டு ரூமில் (பத்துப் பேர்), பொறியியல் கல்லூரி அரங்கில் (400 மாணவர்கள்), அப்புறம் எங்கள் சேனலுக்கு ஒரு வீடியோப் பதிவு. மூன்றிலும் அவரை அறிமுகப்படுத்துவது நான்தான். ஒரு பேச்சு எழுதி வைத்திருக்கிறேன். அதையே மூன்றுக்கும் எப்படி மாற்றிக்கொள்வது?

பதில்:

எழுதி வைத்திருப்பது அநேகமாக அரங்கத்துக்கான பேச்சாகத்தான் இருக்கும். அறிமுக உரை என்றதும் நம் மனதில் வருவது மேடையும் மைக்கும்தான். அதைச் சுருக்கினால் போர்டு ரூம் ஆயிற்று, அப்படியே கேமராவைப் பார்த்துச் சொன்னால் வீடியோ ஆயிற்று என்று தோன்றும். நான் எதிர்த் திசையில் போகச் சொல்வேன். முதலில் போர்டு ரூமுக்கு எழுதுங்கள், அதை விரித்து அரங்கத்துக்கு ஆக்குங்கள். வீடியோவுக்கு மறுபடியும் போர்டு ரூம் பிரதியையே எடுத்துக்கொள்ளுங்கள், அரங்கப் பிரதி வேண்டாம். ஆயிரம் பேர் பார்த்தாலும் வீடியோவை ஒவ்வொருவரும் தனியாக, கைபேசியை முகத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள். அங்கே மேடைக் குரல் எடுபடாது.

எழுத உட்காருமுன் அந்த அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். அவர் அனுப்பிய ஒரு பக்கக் குறிப்பில் படிப்பு, வேலை பார்த்த ஊர்கள், வாங்கிய விருதுகள் எல்லாம் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி உங்களுக்குத் தேவைப்படாது. ஆனால் சொல்லப்போகிற இரண்டு மூன்று தகவலும் பிசகக் கூடாது. பதவியின் பெயர் செயற்பொறியாளரா, கண்காணிப்புப் பொறியாளரா? முன்னெழுத்தை ஆங்கில எழுத்தாகச் சொல்ல வேண்டுமா, தமிழிலா? தமிழ்நாட்டில் 2021-ல் நீர்வளத்துறையைப் பொதுப்பணித்துறையிலிருந்து தனியாகப் பிரித்தார்கள். அதற்கு முன் ஓய்வுபெற்றவர் என்றால் பொதுப்பணித்துறை என்பதே சரி. ஆனால் இப்போது படிக்கிற மாணவர்களுக்கு ஏரி என்றால் நீர்வளத்துறைதான் தெரியும். ஆகவே அரங்கத்தில் மட்டும் "இன்றைக்கு நீர்வளத்துறை பார்க்கிற வேலை" என்று அரை வாக்கியம் சேர்க்க வேண்டியிருக்கும்.

அதே போனில் இன்னொன்றையும் கேளுங்கள்: "உங்கள் பேச்சில் மக்கள் மறக்கக் கூடாத ஒரு விஷயம் எது?" அவர் சொல்வதுதான் உங்கள் உரையின் கரு. ஏரி வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: தூர்வாரினால் மட்டும் ஏரி நிறையாது, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால் அடைபட்டிருந்தால் எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் தண்ணீர் வந்து சேராது. இதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் கருவில் மூன்று விஷயம் இருக்கும். வரத்துக்கால் இல்லாமல் தூர்வாருவது வீண் என்பது ஒன்று. வரத்துக்கால், பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கிற மதகு, நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற கலிங்கு மூன்றையும் 31 வருஷம் சேர்த்தே பார்த்தவர் இவர் என்பது இரண்டாவது. ஒரு ஏரியில் எதைப் பார்க்க வேண்டும் என்று இப்போது சொல்லப்போகிறார் என்பது மூன்றாவது. மூன்று இடத்திலும் இவை மாறாது. வரிசை மாறும், அவருடைய பெயர் வருகிற இடம் மாறும், சுற்றி நிற்கிற வாக்கியங்கள் மாறும்.

போர்டு ரூமிலிருந்து தொடங்குவோம். மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர். நீங்கள் அறைக்குள் போனதுமே அந்த அம்மாவைக் கைகாட்டி "இவங்கதான் இன்ஜினியர் மேடம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கூட்டத்துக்கான தாள்களில் அவருடைய குறிப்பும் இருக்கும், பாதிப் பேர் படித்திருப்பார்கள். ஆகவே பெயரைக் கடைசிவரை ஒளித்துவைக்க வேலையே இல்லை, முதல் வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். ஏரிகள் ஏன் முக்கியம் என்றும் சொல்ல வேண்டாம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-ன்படி எந்த வேலைக்கு எவ்வளவு தொகை என்று போர்டுக்குப் பரிந்துரைப்பது அந்தக் கமிட்டியின் பொறுப்பு. அவர்கள் உட்கார்ந்திருப்பது ஒரு முடிவு எடுக்க. இந்த அம்மாவின் பேச்சு அந்த முடிவுக்கு எப்படி உதவும் என்பதை மட்டும் சொன்னால் போதும்.

புகழ்ச்சியிலும் கவனம் வேண்டும். இங்கே நீங்கள் புகழ்கிற ஆள் உங்களுக்கு அடுத்த நாற்காலியில் இருக்கிறார். "தன் வாழ்நாளையே நீர்நிலைகளுக்கு அர்ப்பணித்தவர்" என்று சொன்னால் அவர் மேஜையைப் பார்த்துக் குனிந்துகொள்வார், மற்றவர்கள் பேனாவை உருட்டுவார்கள். பெருமை சேர்க்க வேண்டுமானால் ஒரு உண்மையைச் சொல்லுங்கள்: 31 வருஷம், இந்த மூன்று வேலை. மேஜையில் அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

நான் சொல்வதாக இருந்தால் இப்படிச் சொல்வேன். பேச்சுத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அந்த அறையில் எழுத்துத் தமிழ் பேசினால் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

"வணக்கம் சார். இவங்க (பெயர்), பொதுப்பணித்துறையில செயற்பொறியாளரா இருந்து ஓய்வுபெற்றவங்க. மத்த விவரம் உங்க ஃபைல்ல இருக்கு. நம்ம முன்னாடி இருக்கிற திட்டத்துல தூர்வாருறதுக்கு மட்டும்தான் தொகை போட்டிருக்கு. வரத்துக்கால் அடைபட்டிருந்தா, தூர்வாரின ஏரிக்கும் தண்ணி வராது. வரத்துக்கால், மதகு, கலிங்கு மூணையும் 31 வருஷம் சேர்த்துப் பார்த்தவங்க இவங்க. பணம் ஒதுக்குறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்னு இருபது நிமிஷம் சொல்வாங்க. நடுவுலயே கேள்வி கேட்கலாம். மேடம், நீங்க ஆரம்பிங்க."

நிதானமாகச் சொன்னால் முப்பத்தைந்து, நாற்பது விநாடி. உட்கார்ந்தபடியே சொல்லலாம். நீங்கள் எழுந்து நின்றால் அந்த அம்மாவும் எழ வேண்டுமோ என்று குழம்புவார். வணக்கம் சொல்வது தலைவரைப் பார்த்து, பத்துப் பேருக்கும் தனித்தனியாக வேண்டாம். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது உங்கள் பார்வை பேச்சாளர் பக்கம் திரும்ப வேண்டும், மற்ற பத்துப் பேரின் பார்வையும் கூடவே திரும்பும். கைதட்டலைக் கேட்காதீர்கள். பத்துப் பேர் தட்டுகிற ஓசை யாருக்கும் மரியாதை சேர்க்காது. இன்னொன்று, அவருடைய லேப்டாப் திரையில் வந்த பிறகு ஆரம்பியுங்கள். அறிமுகத்தை முடித்துவிட்டு, பேச்சாளர் கேபிளைத் தேடுகிற இரண்டு நிமிஷம் எல்லோரும் சும்மா இருந்தால் நீங்கள் சொன்னது காற்றோடு போய்விடும். யாராவது வீடியோ அழைப்பில் இணைந்திருந்தால் அவருக்கு மேஜையில் யார் யார் என்று தெரியாது. முதல் வாக்கியத்தில் பெயர் வருவது அவருக்கும் உதவும்.

இனி அரங்கம். முதலில், அறிமுகவுரையும் வரவேற்புரையும் ஒன்றல்ல. வரவேற்புரை சொல்ல ஒருவர் இருந்தால், மேடையில் இருப்பவர்களை "அவர்களே, அவர்களே" என்று அடுக்குகிற வேலையை அவரிடம் விட்டுவிடுங்கள். அவர் சொல்லி முடித்ததை நீங்களும் சொன்னால் 400 மாணவர்களும் போனை எடுத்துவிடுவார்கள். "எல்லோருக்கும் வணக்கம்" போதும். கல்லூரி முதல்வர் கோபித்துக்கொள்வாரே என்று பயந்தால், அவர் ஒருவரை மட்டும் விளித்துவிட்டு நகருங்கள். பொன்னாடையையும் முன்கூட்டியே பேசிவையுங்கள். உங்கள் அறிமுகத்துக்கும் அவர் பேச்சுக்கும் நடுவே பொன்னாடை, நினைவுப்பரிசு, போட்டோ என்று நுழைந்தால் நீங்கள் எழுப்பிய ஆர்வம் அங்கேயே அணைந்துவிடும். அதை வரவேற்புரையோடு வைக்கச் சொல்லுங்கள்.

அரங்கத்தில் பெயர் கடைசியில் வர வேண்டும். மாணவர்கள் கைதட்டப் போவது பெயரைக் கேட்டுத்தான். பெயருக்குப் பிறகு நீங்கள் பேசினால் அது கைதட்டலில் மூழ்கும், அல்லது கைதட்டவே விடாமல் தடுக்கும். இங்கே நம் மொழி ஒரு சிக்கல் தருகிறது. இயல்பான தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும்: "பொறியாளர் இன்னார் அவர்களைப் பேச வருமாறு அன்போடு அழைக்கிறேன்." பெயர் நடுவில் புதைந்துவிட்டது. பாதிப் பேர் பெயரிலேயே தட்டுவார்கள், மீதிப் பேர் "அழைக்கிறேன்" வரை காத்திருப்பார்கள், இரண்டும் சேர்ந்து நொண்டியடிக்கும். அதனால் வாக்கியத்தை முன்பே முடித்துவிட்டு, ஒரு மூச்சு விட்டு, பெயரைத் தனியாகச் சொல்லுங்கள். "பேச அழைக்கிறேன். பொறியாளர் (பெயர்)." பிறகு வாயை மூடிக்கொண்டு அவரைப் பார்த்து நீங்களும் கைதட்டுங்கள். அவர் மைக்குக்கு வந்து சேரும்வரை போடியத்தை விட்டு நகராதீர்கள். காலியான போடியத்தை நோக்கி ஒருவர் தனியாக நடந்து வருவது அவருக்குச் சங்கடம்.

வினை கடைசியில் வருவதால் இன்னொரு தொல்லையும் உண்டு. வாக்கியம் முடிய முடிய நம் குரல் தானாகவே இறங்கும். "தூர்வாரிய ஏரிக்கும் தண்ணீர் வராது" என்பதில் உயிரே "வராது" என்பதில்தான் இருக்கிறது. குரல் அங்கே விழுந்தால் பின்வரிசைக்குத் "தூர்வாரிய ஏரிக்கும் தண்ணீர்..." வரைதான் போய்ச் சேரும், வருமா வராதா என்பது அவரவர் ஊகம். அரங்கம் இதை இன்னும் மோசமாக்கும். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. பின்சுவர் 25 மீட்டர் தள்ளி இருந்தால், அதில் பட்டுத் திரும்ப விநாடியில் ஏழில் ஒரு பங்கு ஆகும். சாதாரணப் பேச்சில் அதற்குள் அடுத்த அசையைச் சொல்லியிருப்போம். திரும்பி வரும் பழைய அசை, புதிய அசையின் மேல் விழும். சிமென்ட் சுவரும் கண்ணாடி ஜன்னலும் உள்ள கல்லூரி அரங்கங்களில் இது நன்றாகவே கேட்கும். காலியாக இருக்கும்போது சோதித்தால் பயங்கரமாக இருக்கும், மாணவர்கள் வந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும், ஏனென்றால் மனித உடம்பும் துணியும் ஒலியை உறிஞ்சும். இதற்கு மருந்து கத்துவது அல்ல. வாக்கியத்தைச் சின்னதாக்கி, கடைசிச் சொல்வரை குரலைத் தாங்கிப் பிடித்து, முடிந்ததும் ஒரு விநாடி நிறுத்துவதுதான். நிமிடத்துக்கு நூறு சொல்லைத் தாண்டாமல் பாருங்கள்.

மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துக்கொண்டால் "ப" வரும் இடங்களில் காற்று மோதி வெடிக்காது. தூரம் இரட்டித்தால் குரல் கணிசமாகக் குறையும். மைக் செட்காரர் அதை ஈடுகட்ட ஒலியைக் கூட்டுவார், உடனே ஸ்பீக்கர் கீச்சிடும். அப்படிக் கீச்சிட்டால் பின்னால் விலகாதீர்கள், கிட்டே போங்கள். அவர் ஒலியைக் குறைக்க அப்போதுதான் வழி கிடைக்கும்.

முதல் பத்துப் பதினைந்து விநாடி அரங்கம் அடங்காது. நாற்காலி இழுபடும், யாரோ இடம் தேடுவார்கள். அதனால் கருவை முதல் வாக்கியத்தில் வைக்காதீர்கள். போர்டு ரூமில் தேவைப்படாத பின்னணி இங்கேதான் பயன்படும். இன்றைய கல்லூரி மாணவர்கள் 2019-ல் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

"எல்லோருக்கும் வணக்கம். 2019 ஜூன் மாதம் ஞாபகம் இருக்கிறதா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம். சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்டு கிடந்தன. அதற்கு முன், 2015 டிசம்பரில், இதே செம்பரம்பாக்கம் நிரம்பி, திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றில் வெள்ளமாக ஓடியது. ஒரே ஏரி. ஒரு வருஷம் வெள்ளம், இன்னொரு வருஷம் வெறும் தரை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி குளங்கள் இருக்கின்றன. அவற்றைத் தூர்வாரிவிட்டால் போதும் என்று நாம் நினைக்கிறோம். வரத்துக்கால் அடைபட்டிருந்தால், தூர்வாரிய ஏரிக்கும் தண்ணீர் வராது. கலிங்கு சரியில்லை என்றால், வந்த தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு போகும். வரத்துக்கால், மதகு, கலிங்கு. இன்றைக்கு நீர்வளத்துறை பார்க்கிற இந்த வேலையை, பொதுப்பணித்துறையில் 31 வருஷம், கரைமேல் நின்று பார்த்தவர் இங்கே வந்திருக்கிறார். ஒரு ஏரிக்கரையில் நடக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தரப் போகிறார். பேச அழைக்கிறேன். பொறியாளர் (பெயர்)."

நிறுத்தங்களோடு சேர்த்து ஒன்றரை நிமிடம் இருக்கும். கலிங்கு என்ன என்று விளக்காமலே விட்டிருக்கிறேன். சிவில் மாணவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அந்த அம்மா சொல்வார். அவருடைய பேச்சில் ஒரு பகுதியை அறிமுகம் செய்பவர் முன்கூட்டியே பேசிவிடுவது நம் மேடைகளில் சகஜம். பேச்சாளருக்கு அதைவிட எரிச்சல் தருவது வேறு இல்லை.

வீடியோ. "கல்லூரி நிகழ்ச்சியைத்தான் படம் பிடிக்கிறார்களே, அதிலிருந்து என் அறிமுகத்தை வெட்டி ஒட்டிவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அரங்கத்தில் நீங்கள் பின்வரிசையைப் பார்த்துப் பேசியிருப்பீர்கள், கேமராவை அல்ல. குரல் எதிரொலியோடு இருக்கும். பெயர் ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் வரும், அதற்குள் பார்ப்பவர் வேறு வீடியோவுக்குப் போயிருப்பார். இங்கே பெயர் முதல் இரண்டு வாக்கியத்துக்குள் வந்தாக வேண்டும். பெயர் வருகிற நேரத்தில் எடிட்டர் கீழே பெயரையும் பதவியையும் எழுத்தில் போடுவார். அதனால் பதவியை நீங்கள் வாயால் விரிக்க வேண்டாம்.

"ஏரியைத் தூர்வாரிய பிறகும் தண்ணீர் வரவில்லையா? முதலில் வரத்துக்காலைப் பாருங்கள் என்கிறார் பொறியாளர் (பெயர்). வரத்துக்கால், மதகு, கலிங்கு மூன்றையும் 31 வருஷம் சேர்த்துப் பார்த்தவர். உங்கள் ஊர் ஏரியில் நீங்களே எதையெல்லாம் பார்க்கலாம் என்று இந்த வீடியோவில் காட்டுகிறார்."

இருபது விநாடிதான். "நாம்", "நம்ம" என்பதெல்லாம் "நீங்கள்" ஆகிவிட்டதைக் கவனியுங்கள். "இன்று", "இப்போது", "கடந்த ஆண்டு", "இந்த மழைக்காலம்" எதுவும் இல்லை. ஒருவர் இதை இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் அந்தச் சொற்கள் பொய்யாகிவிடும். காலம் சொல்லியே தீர வேண்டுமானால் வருஷத்தைச் சொல்லுங்கள். "பலத்த கைதட்டலோடு வரவேற்போம்" என்பதைத் தனியே உட்கார்ந்து பார்க்கிறவரிடம் சொல்ல முடியாது. "இதோ வருகிறார்" என்பதும் ஆபத்து. எடிட்டர் நடுவே ஏரியின் படத்தைச் சேர்த்தால் யாரும் வர மாட்டார்கள்.

முடிந்தால் அந்த அம்மாவின் பேச்சைப் பதிவு செய்த பிறகு உங்கள் அறிமுகத்தைப் பதிவு செய்யுங்கள். மேடையில் கிடைக்காத வசதி இது. அவர் உண்மையில் எதைப் பேசினார் என்று தெரிந்துகொண்டு அறிமுகத்தின் கடைசி வாக்கியத்தைத் திருத்தலாம். மதகைப் பற்றிப் பேசவே இல்லை என்றால் மதகை எடுத்துவிடலாம்.

படப்பிடிப்பில் சில சின்ன விஷயங்கள் பெரிதாகக் கெடுக்கும். லென்ஸ் உங்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும். பக்கத்தில் இருக்கிற சின்னத் திரையில் உங்கள் முகத்தைப் பார்த்தால், பார்ப்பவருக்கு நீங்கள் வேறு யாரையோ பார்ப்பது போல் தெரியும். காலர் மைக்கைக் கழுத்துக்கு ஒரு சாண் கீழே குத்துவார்கள். சங்கிலியோ அடையாள அட்டைக் கயிறோ பட்டுப்புடவையின் முந்தானையோ அதில் உரசினால் பதிவு முழுக்கச் சரசரப்புதான். ஹெட்போனில் ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். மெல்லிய கட்டங்கள், நெருக்கமான கோடுகள் போட்ட துணி திரையில் நெளியும், ஒரே நிறம் உத்தமம். குழல்விளக்குக்குக் கீழே எடுத்தால் படம் மினுங்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பேசத் தொடங்கும் முன் மூன்று விநாடி, முடித்த பின் மூன்று விநாடி, அசையாமல் லென்ஸைப் பார்த்திருங்கள், எடிட்டருக்கு வெட்ட இடம் வேண்டும். முடித்ததும் "ஓகேவா?" என்று கேமராமேனைப் பார்த்துத் திரும்புவதுதான் பலருடைய பழக்கம். தடுமாறினால் அந்த வாக்கியத்தின் முதல் சொல்லிலிருந்து திரும்பச் சொல்லுங்கள், நடுவிலிருந்து அல்ல. ஒரே ஷாட் என்றால் மொத்தத்தையும் திரும்பச் சொல்லுங்கள், இருபது விநாடிதானே.

மனப்பாடம் செய்ய வேண்டியது வீடியோப் பிரதி ஒன்றுதான். போர்டு ரூமில் குறிப்புத் தாளே வேண்டாம், பெயரும் தொகை விவரமும் சரியாக வந்தால் போதும். அரங்கத்துக்கு ஒரு அட்டையில் பெரிய எழுத்தில், வாக்கியத்துக்கு ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். போனைப் பார்த்து வாசிக்காதீர்கள், நடுவில் திரை அணைந்துவிடும். பெயரை அட்டையின் கடைசி வரியில் தனியாக எழுதுங்கள், முன்னெழுத்தோடு. நன்றாகத் தெரிந்தவர் பெயரும் மேடையில் நாக்கில் சிக்கும்.

அந்த அட்டையில் சில வரிகளுக்குப் பக்கத்தில் முன்கூட்டியே பென்சிலால் கோடு போட்டுவையுங்கள். கல்லூரி விழாக்கள் தாமதமாகத்தான் தொடங்கும், நீங்கள் எழுந்திருக்கும்போது யாராவது வந்து "சீக்கிரம் முடிச்சிடுங்க" என்று காதில் சொல்வார்கள். அப்போது 2015-ஐயும் 39,000-ஐயும் விடுங்கள். 2019, வரத்துக்கால், 31 வருஷம், பெயர் என்று நாற்பது விநாடியில் முடியும்.